ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது: வங்கிக்கு மின்னஞ்சல் எழுதும் முறை

வங்கிக்கு வரும் தவறான பற்றுப் புகார்களில் ஏடிஎம் புகார்தான் வாடிக்கையாளருக்கு மிகவும் சாதகமானது. விதி தெளிவாக இருக்கிறது, கெடு நாள்கணக்கில் இருக்கிறது, தாமதித்தால் வங்கி தரவேண்டிய தொகையும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அப்படியும் பல புகார்கள் முதல் பதிலிலேயே தள்ளுபடியாகின்றன. பெரும்பாலும் காரணம் கடிதம்தான். வங்கியில் புகார்களைப் படித்துப் பதில் எழுதும் மேசையில் இருந்தவன் என்பதால், அந்த மேசைக்கு எப்படிப்பட்ட கடிதம் வந்தால் வேலை நடக்கும் என்பதை ஒரே ஒரு வழக்கைப் பின்தொடர்ந்து சொல்கிறேன்.

நாகலூர்ப் பக்கம் சிறிதாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய வழக்கு இது. சனிக்கிழமை கூலி கொடுக்க ஏற்காட்டுக்கு வந்து, தன் கணக்கு இருக்கும் வங்கிக்குச் சொந்தமில்லாத ஓர் ஏடிஎம்மில் அட்டையைச் செருகியிருக்கிறார். தேதி 2025 ஜூன் 14, மாலை 4.12 மணி, வெளியே நல்ல மழை. பத்தாயிரம் என்று அழுத்தி ரகசிய எண்ணையும் போட்டதும் திரை அணைந்துவிட்டது. பணம் வரவில்லை. அடுத்த நிமிடமே ₹10,000 பற்று வைக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது. ஆட்கள் காத்திருந்ததால், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்து இன்னொரு ஏடிஎம்மில் பணம் எடுத்துக்கொண்டு மலையேறினார்.

எழுதுவதற்கு முன்

முதலில் பணம் உண்மையிலேயே திரும்பி வரவில்லையா என்று கணக்கைப் பாருங்கள். இணைப்பு அறுந்து நின்றுபோன பரிவர்த்தனைகளில் பல, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தாமாகவே வரவாகிவிடும். அந்த வரவுக்கு எஸ்எம்எஸ் வராமலும் போகலாம். கணக்கு விவரத்தில் பற்று வரிசைக்குப் பல வரிகள் கீழே, வேறு பெயரில் அது கிடக்கும். வரவான பணத்துக்குப் புகார் அனுப்பியவரின் அடுத்த கடிதத்தை எந்த அலுவலரும் அவசரமாகப் படிக்கமாட்டார்.

அடுத்தது, யாருக்கு எழுதுவது. ஏற்காட்டு இயந்திரம் எந்த வங்கியுடையதோ அவர்களுக்கு அல்ல. அட்டையைக் கொடுத்த வங்கி, அதாவது உங்கள் கணக்கு இருக்கும் வங்கிதான் பொறுப்பு. இயந்திரத்துக்குச் சொந்தமான வங்கியிடம் கேட்டு வாங்குவது அவர்களுக்குள் நடக்கும் வேலை. தோட்டக்காரர் முதலில் ஏடிஎம்மை ஒட்டிய கிளைக்குத்தான் போய் நின்றிருக்கிறார். "உங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

மின்னஞ்சல் முகவரியை வங்கியின் இணையதளத்திலிருந்தோ பாஸ் புத்தகத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். தேடுபொறியில் 'வாடிக்கையாளர் சேவை' என்று தேடி வரும் எண்களில் மோசடிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிந்தால் வங்கியின் செயலியிலோ தொலைபேசியிலோ முதலில் புகாரைப் பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு மின்னஞ்சல் எழுதுங்கள். பெயரும் தேதியும் மட்டும் உள்ள கடிதத்தைவிடப் புகார் எண் உள்ள கடிதம் சரியான மேசைக்கு விரைவாகப் போய்ச் சேரும். கிளைக்கும் ஒரு நகல் போகட்டும்.

திரட்ட வேண்டியவை

நான்கு எண்கள் போதும்: தொகை, தேதியும் நேரமும், இயந்திர எண், ஆர்ஆர்என் என்கிற பரிவர்த்தனைக் குறிப்பு எண். இயந்திர எண் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும். எஸ்எம்எஸ்ஸிலும் கணக்கு விவரத்திலும்கூட வருவதுண்டு. பணம் வராத அந்த நிமிடத்திலேயே அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. மறுபடி மலையேறிப் போய்ப் பார்ப்பதைவிட எளிது. ரசீது வந்திருந்தால், 'தோல்வி' என்று அச்சாகியிருந்தாலும், உடனே படம் எடுத்துவிடுங்கள். அந்தக் காகிதத்தில் எழுத்து சில வாரத்தில் வெளுத்துப்போகும்.

ஆர்ஆர்என் பன்னிரண்டு இலக்கம் கொண்டது. கணக்கு விவரத்தில் பற்று வரிசையின் விளக்கத்துக்குள் அது ஒளிந்திருக்கும். அங்கே இன்னும் இரண்டு மூன்று நீள எண்கள் இருப்பதால், எது சரியானது என்று குழப்பம் வரும். அதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு. பெரும்பாலும் இந்த எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். 2025 ஜூன் 14 அந்த ஆண்டின் 165ஆவது நாள். ஆகவே 5165 என்று தொடங்கும் எண்ணைத் தேடினோம்; கிடைத்தது.

இணைக்க வேண்டியது மூன்றே. முதலாவது, ஜூன் 14 முதல் கடிதம் எழுதும் நாள் வரையிலான கணக்கு விவரம். பற்று இருப்பதையும் அதற்கு எதிர் வரவு இல்லாததையும் ஒரே தாளில் காட்டுவது அதுதான். பற்று உள்ள ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பினால் பாதிதான் நிரூபணமாகும். மற்ற இரண்டும் எஸ்எம்எஸ் படம், இயந்திர எண் படம். முழு அட்டை எண், அட்டையின் பின்பக்க மூன்று இலக்கம், ரகசிய எண், ஓடிபி ஆகியவை கடிதத்திலோ இணைப்பிலோ எங்கும் இருக்கக் கூடாது. அட்டைக்கும் கணக்குக்கும் கடைசி நான்கு இலக்கம் போதும்.

விதி என்ன சொல்கிறது

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. எண் RBI/2019-20/67. கணக்கில் பற்று வைத்து ஏடிஎம்மில் பணம் வராமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். தவறினால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 தரவேண்டும். இதில் பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உள்ளன. நாள் என்பது நாட்காட்டி நாள்; ஞாயிறு, விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும். நூறு ரூபாயை வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும். நடைமுறையில் கேட்டால்தான் வருகிறது என்பது வேறு கதை.

நம் வழக்கில் ஜூன் 14உடன் ஐந்து நாள் சேர்த்தால் ஜூன் 19. அன்றோடு கெடு முடிகிறது. ஜூன் 20இலிருந்து மீட்டர் ஓடத் தொடங்கும்.

அப்படியானால் ஜூன் 19 வரை காத்திருந்துவிட்டு எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். இயந்திரத்தின் கேமராப் பதிவு என்றென்றும் இருக்காது. சீக்கிரம் கேட்டவருக்குத்தான் அது கிடைக்கும். ஞாயிறு கழிந்து திங்கள்கிழமை, ஜூன் 16 அன்று எழுதினோம்.

முதல் வரைவும் அதில் வெட்டியதும்

தோட்டக்காரர் தானே எழுதிக்கொண்டு வந்த வரைவு இப்படித் தொடங்கியது: "ஐயா, நான் தங்கள் வங்கியில் நெடுநாள் வாடிக்கையாளன். கடந்த சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய அவசரத்தில் ஏற்காடு வந்தேன். கடும் மழையால் மின்சாரம் தடைப்பட்டு இயந்திரம் பழுதாகி என் பணத்தை விழுங்கிவிட்டது. யாரேனும் என் பணத்தை எடுத்திருக்கவும் கூடும். ஏழை விவசாயியின் மனவேதனையைத் தாங்கள் உணர்ந்து ஆவன செய்யவேண்டும்."

ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புகார் மேசைக்கு அதில் பயன்படுவது 'ஏற்காடு' என்ற ஒரு சொல்தான். 'கடந்த சனிக்கிழமை' தேதி அல்ல. 'மின்சாரம் தடைப்பட்டு இயந்திரம் பழுதாகி' என்பது அவருடைய ஊகம். அவர் கண்ணால் கண்டது திரை அணைந்தது மட்டுமே. அந்த நேரத்தில் மின்தடை இல்லை என்று பதில் வந்துவிட்டால், கடிதம் முழுவதுமே நம்பகம் இழக்கும். கண்டதை மட்டும் எழுதினால் அதை மறுக்க வழியில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது 'யாரேனும் எடுத்திருக்கவும் கூடும்' என்ற வரி. பயத்தில் எல்லாரும் எழுதுகிற வரி இது. இதைப் படித்ததும் வங்கி இதை 'அனுமதியில்லாப் பரிவர்த்தனை' என்று வகைப்படுத்திவிடக்கூடும். அது மோசடிப் பிரிவு. அதற்கு வேறு விதி, வேறு கெடு, வேறு ஆவணங்கள். காவல் நிலையப் புகார் நகல் எங்கே என்று அங்கிருந்து கடிதம் வரும். அட்டை உங்கள் கையில், ரகசிய எண்ணைப் போட்டது நீங்கள், பணம் வரவில்லை என்றால் அது தோல்வியுற்ற பரிவர்த்தனை. அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். உண்மையிலேயே நீங்கள் இல்லாதபோது வேறு யாரோ உங்கள் கணக்கிலிருந்து எடுத்திருந்தால் இந்த வழிகாட்டி உதவாது. உடனே அட்டையை முடக்கிவிட்டு, மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும்.

மனவேதனையையும் நீக்கினோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "இவ்வளவு மொட்டையாக எழுதினால் மதிப்பார்களா சார்?" என்று கேட்டார். மொட்டைதான் மதிப்பு.

அனுப்பிய கடிதம்

> பொருள்: ஏடிஎம்மில் பணம் வராமல் ₹10,000 பற்று, 14.06.2025, புகார் எண் ________ 
>
> வணக்கம்.
>
> என் சேமிப்புக் கணக்கில் (கடைசி நான்கு இலக்கம் ____) 14.06.2025 சனிக்கிழமை மாலை 4.12 மணிக்கு ₹10,000 பற்று வைக்கப்பட்டுள்ளது. ஏற்காட்டில் உள்ள வேறு வங்கியின் ஏடிஎம்மில் (இயந்திர எண் ________) என் அட்டையை நான் பயன்படுத்தியபோது இது நடந்தது. ஆர்ஆர்என்: 5165________. பணமும் ரசீதும் வெளியே வரவில்லை. இது தோல்வியுற்ற பரிவர்த்தனை.
>
> தொகையையும் ரகசிய எண்ணையும் பதிவுசெய்த பின் திரை அணைந்தது. 4.13க்குப் பற்று வைத்த எஸ்எம்எஸ் வந்தது. திரை மீண்டும் ஒளிர்ந்து தொடக்கப் பக்கம் வரும் வரை இயந்திரத்தின் முன்பே இருந்தேன். அதுவரை பணம் வரவில்லை. அட்டை என்னிடமே இருக்கிறது.
>
> இன்று 16.06.2025 காலை 10 மணி வரை தொகை திரும்ப வரவு வைக்கப்படவில்லை. 14.06.2025 மாலை 6.40 மணிக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் நான் பணம் எடுத்ததற்கு ₹27.14 கட்டணமும் பற்று வைக்கப்பட்டுள்ளது.
>
> நான் கேட்பவை:
>
> 1. ₹10,000ஐ 19.06.2025க்குள் வரவு வைக்கவும். அதற்குப் பின் வரவு வைத்தால், ரிசர்வ் வங்கியின் 20.09.2019 தேதியிட்ட RBI/2019-20/67 சுற்றறிக்கையின்படி நாளொன்றுக்கு ₹100 சேர்த்து வரவு வைக்கவும்.
>
> 2. ₹27.14ஐத் திருப்பித் தரவும். ஏற்காட்டில் தோல்வியுற்ற பரிவர்த்தனையை மாத இலவச எண்ணிக்கையில் சேர்த்ததால்தான் இந்தக் கட்டணம் விழுந்திருக்கிறது.
>
> 3. இயந்திரத்தின் 14.06.2025 மாலை 4.00 முதல் 4.30 வரையிலான கேமராப் பதிவை அழியாமல் பாதுகாக்கும்படி அந்த வங்கியிடம் கேட்டுக்கொள்ளவும்.
>
> இணைப்பு: கணக்கு விவரம் (14.06 முதல் 16.06 வரை), எஸ்எம்எஸ் படம், இயந்திர எண் படம்.
>
> (பெயர், பதிவுசெய்த கைப்பேசி எண்)

இரண்டாம் பத்தியைக் கவனியுங்கள். தொடக்கப் பக்கம் வரும் வரை முன்பே இருந்தேன் என்ற வரி சும்மா எழுதியதல்ல. பணம் தாமதமாக வெளியே வந்து, அடுத்து வந்தவர் எடுத்துக்கொண்டார் என்ற வாதம் பின்னால் வந்தால், அதற்கு இப்போதே பதில் சொல்லிவைக்கிறது. ஆனால் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கோரிக்கையை விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சிறு தொகை பலர் கண்ணில் படுவதே இல்லை. பெருநகரம் அல்லாத சேலம் போன்ற ஊர்களில் பிற வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம். இருப்பு பார்ப்பதும் அதில் ஒரு முறை. அதற்கு மேல் ஒரு முறைக்கு, 2025 மே 1 முதல் ₹23 வரை வங்கி வசூலிக்கலாம். ஜிஎஸ்டியும் சேர்ந்தால் ₹27.14. தோட்டக்காரர் அந்த மாதம் ஏற்கெனவே நான்கு முறை பயன்படுத்தியிருந்தார். ஏற்காட்டில் வராத பணத்தை வங்கியின் கணினி ஐந்தாவதாக எண்ணிவிட்டது. அதனால் அஸ்தம்பட்டியில் உண்மையாகவே எடுத்தது ஆறாவதாகி, கட்டணம் அதன் தலையில் விழுந்தது. தொழில்நுட்பக் கோளாறால் தோல்வியுறுவதை இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. தவறான பற்று ஒன்று நடந்தால் அதன் பக்கத்து வரிகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இப்படி ஒட்டிக்கொண்டு வரும் குட்டிக் கட்டணங்கள் அங்கேதான் இருக்கும்.

மொழியைப் பற்றி: கிளையில் தமிழ் செல்லும், பிரச்சினையில்லை. ஆனால் புகார்களைத் தீர்க்கும் மையம் பெரும்பாலும் வேறு மாநிலத்தில் இருக்கும். தமிழில் எழுதிவிட்டு அதற்குக் கீழே ஆங்கிலத்தில் அதையே சுருக்கமாகச் சேர்த்தால் ஒரு வாரம் மிச்சமாகும். தேதி, தொகை, எண்களை எழுத்தால் எழுதாமல் இலக்கத்தால் எழுதுவதும் இதற்காகத்தான்.

'பரிவர்த்தனை வெற்றிகரமானது' என்று பதில் வந்தால்

ஜூன் 20, வெள்ளிக்கிழமை பதில் வந்தது. இயந்திரப் பதிவின்படி பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று இரண்டே வரி. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். வழக்கு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

'வெற்றிகரம்' என்பது எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏடிஎம்மில் பணம் எடுப்பதில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதலில் இயந்திரம் உங்கள் வங்கியிடம் கேட்கிறது. வங்கி பற்று வைத்துவிட்டு 'கொடுக்கலாம்' என்று அனுமதிக் குறியீடு அனுப்புகிறது. பிறகு இயந்திரம் பெட்டியிலிருந்து தாள்களை எண்ணி, அடுக்கி, வாய்வழியே நீட்டுகிறது. முதல் கட்டம் முடிந்ததும் பதிவேட்டில் வெற்றிக் குறி விழுந்துவிடும். இரண்டாம் கட்டத்தில் தாள் சிக்கினாலோ மின்சாரம் போனாலோ 'கொடுக்கவில்லை' என்ற செய்தி திரும்பி வங்கிக்குப் போகவேண்டும். அந்தச் செய்தி போகும் வழியிலேயே இணைப்பு அறுந்தால், பணம் இயந்திரத்துக்குள்ளும் வெற்றிக் குறி பதிவேட்டிலுமாக நின்றுவிடும்.

நல்லவேளையாக இதைச் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. இயந்திரத்தில் பணம் நிரப்ப வருகிறவர்கள் மிச்சமிருக்கும் தாள்களை எண்ணுவார்கள். இயந்திரம் தான் கொடுத்ததாகச் சொல்லும் கணக்கும் உள்ளே இருக்கும் பணமும் ஒத்துப்போக வேண்டும். பத்தாயிரம் என்றால் ஐந்நூறு ரூபாய்த் தாள் இருபது. வெளியே போகாத அந்த இருபதும் அங்கே உபரியாக நிற்கும். உபரி இருந்தால் வாதம் முடிந்தது. இந்த உபரிக் கணக்கை நேரடியாகக் கேட்பதுதான் இரண்டாவது கடிதத்தின் உயிர்.

> பொருள்: நிராகரிப்புக்கு மறுப்பு, ₹10,000, 14.06.2025, புகார் எண் ________ 
>
> வணக்கம்.
>
> தங்கள் 20.06.2025 பதிலை ஏற்கவில்லை. அனுமதி கிடைத்ததை மட்டும் காட்டும் பதிவு, தாள்கள் வெளியே வந்ததற்குச் சான்றாகாது. பின்வருவனவற்றின் அடிப்படையில் மறு ஆய்வு செய்து, நகல்களையும் எனக்கு அனுப்பவும்:
>
> அ) ஆர்ஆர்என் 5165________ தொடர்பான இயந்திரத்தின் முழுப் பதிவு: தாள்கள் நீட்டப்பட்டதும் எடுக்கப்பட்டதும் தனித்தனியாகத் தெரியவேண்டும்.
>
> ஆ) 14.06.2025க்குப் பின் முதன்முதலாகப் பணம் நிரப்பியபோது எடுத்த ரொக்கச் சரிபார்ப்பு அறிக்கை. உபரி ஏதும் இருந்ததா என்பதைக் குறிப்பிடவும்.
>
> இ) அன்று மாலை 4.00 முதல் 4.30 வரையிலான கேமராப் பதிவு.
>
> இந்த நிராகரிப்பு தங்கள் வங்கியின் உள் குறைதீர்ப்பாளரின் ஆய்வுக்குப் பின் அனுப்பப்பட்டதா என்பதையும் தெரிவிக்கவும். 20.06.2025 முதல் நாளொன்றுக்கு ₹100 என்ற என் கோரிக்கை தொடர்கிறது.

கடைசிப் பத்தியில் உள்ள உள் குறைதீர்ப்பாளர் யார் என்றால், பெரிய வங்கிகள் ஒரு புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிக்கும் முன் காட்டவேண்டிய அதிகாரி. அவர் வங்கிக்குள்ளேயே இருந்தாலும் வங்கியின் அன்றாட நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். வாடிக்கையாளர் அவருக்கு நேரடியாக எழுத முடியாது. ஆனால் கோப்பு அவரிடம் போனதா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைப் பார்த்ததும் மேசையிலிருப்பவர் கோப்பை இன்னொரு முறை திறப்பார்.

கேட்ட நகல்கள் எல்லாம் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கேமராப் பதிவை வாடிக்கையாளர் கையில் அநேகமாகக் கொடுக்கமாட்டார்கள்; பிறர் முகமும் அதில் இருக்கும். நமக்கு வேண்டியது அவர்கள் அதைப் பார்ப்பது. இந்தக் கடிதத்தைப் புதிய மின்னஞ்சலாக அனுப்பாமல், பழைய தொடரிலேயே பதிலாக அனுப்பவேண்டும். முழுக் கதையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பின்னால் மேலே அனுப்ப வசதி.

பணம் வந்தபின் ஒரு கடிதம்

ஜூலை 2, புதன்கிழமை ₹10,000 வரவானது. கூடவே 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்ற செய்தியும் வந்தது. நாள்கணக்குத் தொகை வரவில்லை, ₹27.14உம் வரவில்லை. தீர்ந்ததாகச் சம்மதிக்கக் கேட்கும் இணைப்பு ஏதாவது வந்தால் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். மூன்றாவது கடிதம் நான்கு வரி:

> 02.07.2025 அன்று ₹10,000 வரவானது, நன்றி. கெடு 19.06.2025. தாமதம் 20.06.2025 முதல் 02.07.2025 வரை 13 நாள். இதற்கு ₹1,300 வரவேண்டும். ₹27.14 கட்டணமும் நிலுவையில் உள்ளது. மொத்தம் ₹1,327.14ஐ வரவு வைக்கும் வரை இந்தப் புகாரை முடித்ததாகக் கருதவேண்டாம்.

கணக்கை இப்படி விரித்துக் காட்டுவது முக்கியம். 'உரிய இழப்பீடு தரவும்' என்று எழுதினால் எவ்வளவு என்று யாரோ கணக்குப் போடவேண்டும். அதுவரை கோப்பு தூங்கும். தொகையை நாமே போட்டுக் கொடுத்தால், சரியா தவறா என்று பார்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. அந்த வாரத்துக்குள் இரண்டு வரவுகளாக முழுத் தொகையும் வந்துசேர்ந்தது.

அப்படியும் நடக்காவிட்டால்

முதல் புகாரிலிருந்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. cms.rbi.org.in தளத்தில் பதியலாம். இணையம் சரிவராதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் பெறும் மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வழக்கறிஞர் மூலம் புகார் கொடுத்தால் அங்கே ஏற்கமாட்டார்கள், நீங்களோ வழக்கறிஞர் அல்லாத உங்கள் பிரதிநிதியோ கொடுக்கவேண்டும். அதே விவகாரம் சேலம் நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தாலும் ஏற்கமாட்டார்கள். எங்கே போவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய் வழக்குக்கு ரிசர்வ் வங்கி வழிதான் எளிது என்பது என் கருத்து. இதற்கும் காலவரம்பு இருப்பதால், 30 நாள் முடிந்தபின் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

அங்கே புதிதாகக் கதை எழுதத் தேவையில்லை. முதல் மின்னஞ்சலையும் வங்கியின் பதிலையும் கேட்கும் இடத்தில், நாம் ஒரே தொடரில் வைத்திருந்த கடிதங்களைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் போதும். 'என்ன நிவாரணம் வேண்டும்' என்ற கட்டத்தில் தொகையை இலக்கத்தில் எழுதுங்கள். அன்றைய தேதி வரைக்கும் நாள்கணக்கைப் புதுப்பித்து, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.